ஆறு வேற்றுமைகளுக்கு நான்கு சொற்கள்: ரஷ்யப் பெயர்ச்சொல்லைத் தொடக்க மாணவருக்குக் கற்பிக்கும் முறை

ரஷ்ய இலக்கண நூல்கள் வேற்றுமைகளை ஒரே பக்கத்தில் அட்டவணையாகத் தந்துவிடுகின்றன. ஆறு வேற்றுமை, மூன்று பால், ஒருமை, பன்மை என்று கட்டங்கள் நிறைந்த அந்தப் பக்கத்தை முதல் மாதத்தில் மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. அதை மனப்பாடம் செய்தவர், கடைக்காரர் முன் நிற்கும்போது மனத்துக்குள் கட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பார், வாய் திறக்காது. அதைவிட, அன்றாடம் பேசும் சில வாக்கிய அமைப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரே நான்கு சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பழக்கினால் விகுதிகள் தாமாக நாக்கில் ஏறிவிடும்.

மருத்துவம் படிக்க ரஷ்யா செல்லும் மாணவருக்கோ, ஆர்வத்தால் கற்பவருக்கோ தமிழ் வழியாக இதைச் சொல்லிக்கொடுக்கப்போகும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலம் வழியாக வந்த பாடநூல்கள், வேற்றுமை உருபு என்றால் என்ன என்று விளக்குவதற்கே பல பக்கங்களைச் செலவிடும். நமக்கு அது தேவையில்லை. ஐ, ஆல், கு என்று சொல்லின் கடைசியில் ஒட்டிப் பேசித்தான் வளர்ந்திருக்கிறோம். நம் மாணவருக்குச் சிக்கல் வேறு இடத்தில் வரும். தமிழ் உருபும் ரஷ்ய விகுதியும் ஒத்துப்போகும் இடங்களில் அவர் வேகமாக ஓடுவார். ஒத்துப்போகாத சில இடங்களில் அதே வேகத்தில் தவறுவார். அந்த இடங்கள் எவை என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதுதான் ஆசிரியரின் பாதி வேலை.

சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

நான் எடுத்துக்கொள்ளும் சொற்கள்: மஸ்க்வா (மாஸ்கோ நகரம்), ஸிஸ்த்ரா (அக்காவோ தங்கையோ, இங்கே தங்கை என்று வைத்துக்கொள்வோம்), ஸ்தோல் (மேசை), வ்ராச் (மருத்துவர்). முதல் இரண்டும் பெண்பால், அடுத்த இரண்டும் ஆண்பால். ஒவ்வொரு பாலிலும் உயிருள்ளது ஒன்று, உயிரற்றது ஒன்று. ரஷ்ய மொழியில் மேசைக்கும் நகரத்துக்கும்கூடப் பால் உண்டு என்பதை மட்டும் மாணவரிடம் சொல்லிவிடுங்கள். 'ஆ' என்று முடிந்தால் பெரும்பாலும் பெண்பால், மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால் என்ற அளவு இப்போதைக்குப் போதும்.

இந்த நான்கை எடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு, அதுதான் முக்கியம். இவற்றோடு விகுதி சேரும்போது அழுத்தம் விகுதியின் மேல் விழுகிறது. ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத உயிரெழுத்துகள் மங்கிப்போகும். க்னீகா (புத்தகம்) என்ற சொல்லில் அழுத்தம் முன்னால் இருப்பதால், அதன் இரண்டு வெவ்வேறு வேற்றுமை வடிவங்கள் எழுத்தில் வேறுபட்டாலும் காதுக்கு ஒன்றாகவே 'க்னீகி' என்று கேட்கும். புத்தகம், பள்ளி என்று வழக்கமான சொற்களோடு தொடங்கும் மாணவருக்கு எதையும் பிரித்துக் கேட்க முடிவதில்லை; வேற்றுமையே புரியவில்லை என்று எண்ணிவிடுகிறார். மஸ்க்வா, மஸ்க்வே, மஸ்க்வூ என்னும்போது கடைசி உயிர் தெளிவாக ஒலிக்கிறது.

ரஷ்யச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருவது ஒலிக் குறிப்புக்காக மட்டுமே. 'ஸிஸ்த்ரி', 'மஸ்க்வி' ஆகியவற்றின் கடைசியில் உள்ளது நம் 'இ' அல்ல. 'அது', 'காடு' என்று சொல்லும்போது இதழ் குவியாமல் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம் இருக்கிறதே, அதற்கு நெருக்கமான ஒலி. குற்றியலுகரம் நம்மிடம் இருப்பதால் இதை எளிதாகக் காட்டிவிடலாம். 'வீஜூ' போன்ற சொற்களில் வரும் 'ஜ', காற்று உரசி வரும் ஒலி. மாணவர் தம் குறிப்பேட்டில் தொடக்கத்திலிருந்தே ரஷ்ய எழுத்தில்தான் எழுத வேண்டும்.

முதல் படி: ஏதா மஸ்க்வா

எழுவாய் வேற்றுமைக்குப் பத்து நிமிடம் போதும். ஏதா மஸ்க்வா, ஏதா ஸ்தோல், ஏதா வ்ராச். இது மாஸ்கோ, இது மேசை, இவர் மருத்துவர். நிகழ்காலத்தில் தமிழைப் போலவே இணைப்பு வினை எதுவும் கிடையாது. சொல் அகராதியில் உள்ளபடியே நிற்கிறது. இதில் நேரம் செலவிட வேண்டாம்.

இரண்டாம் படி: எங்கே, எங்கு நோக்கி

ரஷ்யப் பள்ளிகளில் வேற்றுமைகளுக்கு ஒரு மரபு வரிசை உண்டு: எழுவாய், உடைமை, கொடை, செயப்படுபொருள், கருவி, கடைசியாக முன்னிடைச்சொல் வேற்றுமை. அவற்றின் முதலெழுத்துகளை நினைவில் வைக்க, இவான் ஒரு பெண் குழந்தையைப் பெற்றான், குழந்தைத் துணியை இழுத்துவரச் சொன்னான் என்று பொருள்படும் ஒரு வேடிக்கை வாக்கியமும் அங்கே வழங்குகிறது. அந்த வரிசை, மொழி ஏற்கெனவே தெரிந்த குழந்தைகளுக்கானது. வெளியிலிருந்து வருபவருக்கு, கடைசியில் நிற்கும் முன்னிடைச்சொல் வேற்றுமையை முதலில் கொடுக்க வேண்டும். பிறமொழியினருக்கான பாடநூல்கள் பலவும் அப்படித்தான் செய்கின்றன. இதன் ஒருமை விகுதி நம் நான்கு சொற்களுக்கும் ஒன்றுதான்: 'ஏ'.

யா ஜிவூ வ் மஸ்க்வே: நான் மாஸ்கோவில் வசிக்கிறேன். திலிஃபோன் நா ஸ்தலே: தொலைபேசி மேசைமேல் இருக்கிறது. 'வ்' என்றால் உள்ளே, 'நா' என்றால் மேலே. இந்த வேற்றுமை ஒருபோதும் தனியாக வராது. முன்னால் இப்படி ஓர் இடைச்சொல் இருந்தே தீரும். ஆகவே 'வ் மஸ்க்வே' என்பதை இரண்டு சொல்லாக இடைவெளி விட்டுச் சொல்லாமல் ஒரே மூச்சில் 'வ்மஸ்க்வே' என்று சொல்லப் பழக்குங்கள். ரஷ்யர்களும் அப்படியே சொல்கிறார்கள். ஸ்தோல் என்பது ஸ்தலே ஆகும்போது நடுவில் ஓகாரம் அகரமாக மங்குவதையும் இங்கேயே காட்டிவிடலாம்.

இதே இடைச்சொற்களை வைத்துக்கொண்டு உடனே செயப்படுபொருள் வேற்றுமைக்குத் தாவுங்கள். யா யேதூ வ் மஸ்க்வூ: நான் மாஸ்கோவுக்குப் போகிறேன். யா க்லதூ திலிஃபோன் நா ஸ்தோல்: நான் தொலைபேசியை மேசைமேல் வைக்கிறேன். பெண்பாலில் 'ஆ' மாறி 'ஊ' ஆகிறது. உயிரற்ற ஆண்பாலில் எந்த மாற்றமும் இல்லை.

தமிழ் மாணவர் முதன்முதலில் சறுக்குவது இங்கேதான். நாம் 'மாஸ்கோவுக்கு' என்று நான்காம் வேற்றுமை சொல்கிறோம். ரஷ்யர் இரண்டாம் வேற்றுமை சொல்கிறார். மேசை விஷயம் இன்னும் மோசம். மேசையில் இருக்கிறது, மேசையில் வைக்கிறேன் என்று நமக்கு இரண்டுக்கும் ஒரே உருபு. அதனால் மாணவர் இரண்டு இடத்திலும் 'நா ஸ்தலே' என்பார். 'யேதூ வ் மஸ்க்வே' என்று சொன்னால், மாஸ்கோவுக்குள்ளேயே வண்டியில் போய்க்கொண்டிருப்பதாகத்தான் ரஷ்யருக்குத் தோன்றும்.

விதியைச் சொல்லித் திருத்துவதைவிடக் கேள்வியால் திருத்துவது நல்லது. ரஷ்ய மொழியில் 'எங்கே இருக்கிறது' என்பதற்கு 'க்தே', 'எங்கு நோக்கி' என்பதற்கு 'குதா'. இரண்டும் தனிச் சொற்கள். ஒரு தொலைபேசியை மேசைமேல் வைத்தபடியே 'குதா?' என்று கேளுங்கள். பதில், நா ஸ்தோல். கையை எடுத்துவிட்டு 'க்தே?' என்று கேளுங்கள். பதில், நா ஸ்தலே. மாணவர் தடுமாறாமல் பதில் சொல்லும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். இந்த ஒரு பயிற்சிக்கு ஒரு முழு வகுப்பு போனாலும் சரிதான்.

மூன்றாம் படி: யாரைப் பார்க்கிறேன்

அடுத்த அமைப்பு 'யா வீஜூ', நான் பார்க்கிறேன். யா வீஜூ மஸ்க்வூ, யா வீஜூ ஸிஸ்த்ரூ, யா வீஜூ ஸ்தோல். இதுவரை புதிதாக எதுவும் இல்லை. நான்காவது சொல் மட்டும் வேறு மாதிரி நடக்கிறது: யா வீஜூ வ்ரச்சா. மேசை மாறவில்லை, மருத்துவர் மாறுகிறார். உயிருள்ள ஆண்பால் சொல் செயப்படுபொருளாக வரும்போது 'ஆ' ஏற்கிறது.

மற்ற மொழியினர் பலருக்கு இது விசித்திரம். தமிழருக்கு இதை ஒரே நிமிடத்தில் புரியவைக்கலாம். 'மேசை வாங்கினேன்' என்கிறோம். ஐ உருபு இல்லாமலே வாக்கியம் நிற்கிறது. 'மருத்துவர் பார்த்தேன்' என்று சொல்ல முடியுமா? 'மருத்துவரைப் பார்த்தேன்' என்றால்தான் வாக்கியம் ஆகும். உயிரற்றதற்கு உருபை விடலாம், மனிதருக்கு விடக்கூடாது என்ற உணர்வு நமக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ரஷ்ய மொழி அதை ஆண்பால் ஒருமையில் கண்டிப்பான விதியாக்கி, நாய் பூனை போன்ற விலங்குகளையும் அதில் சேர்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மாணவருக்கு இது பிடிபட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 'ஸிஸ்த்ரூ வீதித் வ்ராச்' என்று சொல்லி, யார் யாரைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். வரிசையை நம்புகிறவர் தங்கைதான் பார்க்கிறாள் என்பார். விகுதியைக் கேட்பவர், தங்கையை மருத்துவர் பார்க்கிறார் என்று சரியாகச் சொல்வார். பிறகு 'வ்ரச்சா வீதித் ஸிஸ்த்ரா' என்று புரட்டிப் போடுங்கள்.

நான்காம் படி: இல்லை என்று சொல்லுதல்

உடைமை வேற்றுமைக்குப் பல பயன்கள் உண்டு. அத்தனையையும் அடுக்கினால் மாணவர் மூழ்கிவிடுவார். 'இல்லை' என்ற ஒன்றில் தொடங்குங்கள்.

உ மின்யா யேஸ்த் ஸிஸ்த்ரா: எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். உ மின்யா ந்யேத் ஸிஸ்த்ரி: எனக்குத் தங்கை இல்லை. இருப்பதைச் சொல்லும்போது எழுவாய் வடிவம், இல்லாததைச் சொல்லும்போது உடைமை வடிவம். உ மின்யா ந்யேத் ஸ்தலா: என்னிடம் மேசை இல்லை. பெண்பாலுக்குக் குற்றியலுகரம் போன்ற அந்த ஒலி, ஆண்பாலுக்கு 'ஆ'. மருத்துவர் இங்கேயும் 'வ்ரச்சா'தான். முந்தைய படியில் கற்ற அதே வடிவம். உயிருள்ள ஆண்பாலுக்கு இந்த இரண்டு வேற்றுமையும் ஒன்றே என்பதை மாணவர் தாமே கண்டுபிடிக்கும்படி விடுங்கள்.

இங்கும் ஒரு பொறி உண்டு. 'எனக்குத் தங்கை இருக்கிறாள்' என்பதில் உள்ள 'எனக்கு' என்பதை மாணவர் அப்படியே பெயர்த்து 'ம்ந்யே யேஸ்த்' என்று தொடங்குவார். 'என்னிடம்' என்று நினைத்துப் பேசச் சொல்லுங்கள். 'உ' என்பது அருகில், வசம் என்ற பொருள் தரும் இடைச்சொல்; அதற்குப் பின்னும் உடைமை வடிவமே வரும். உ ஸிஸ்த்ரி யேஸ்த் ஸ்தோல்: தங்கையிடம் மேசை இருக்கிறது. உ வ்ரச்சா ந்யேத் ஸ்தலா: மருத்துவரிடம் மேசை இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரே விகுதி இரண்டு வேலை செய்கிறது. தயங்காமல் சொல்லவந்தால் இந்தப் படி முடிந்தது.

இதே வடிவங்களோடு மேலும் மூன்று பயன்கள் எளிதாகக் கிடைக்கின்றன. நம் ஐந்தாம் வேற்றுமைக்கு ரஷ்ய மொழியில் தனி இடம் இல்லை. அது இங்கே வந்து தங்கிவிடுகிறது. இஸ் மஸ்க்வி என்றால் மாஸ்கோவிலிருந்து, அத் வ்ரச்சா என்றால் மருத்துவரிடமிருந்து. அடுத்தது உடைமைப் பொருள்: ஸ்தோல் வ்ரச்சா, மருத்துவரின் மேசை. தமிழில் உடையவர் முன்னால் வருவார், ரஷ்ய மொழியில் பின்னால் வருவார். மாணவர் வரிசையைத் தலைகீழாக்கினால் உடனே நிறுத்தித் திருத்துங்கள். மூன்றாவது எண்ணிக்கை. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எண்களுக்குப் பின் ரஷ்ய மொழியில் பன்மை வராது, இதே ஒருமை உடைமை வடிவம் வரும்: த்வா ஸ்தலா, த்வ்யே ஸிஸ்த்ரி. ஐந்திலிருந்து வேறு கதை. அது பன்மைப் பாடத்துக்கு உரியது.

ஐந்தாம் படி: கு உருபின் சொந்த வீடு

கொடை வேற்றுமை தமிழ் மாணவருக்குக் கொண்டாட்டம். தங்கைக்கு இருபது வயது: ஸிஸ்த்ரே த்வாட்சத் லேத். மருத்துவருக்குக் குளிர்கிறது: வ்ரச்சூ ஹோலத்னா. தங்கைக்கு உதவுகிறேன்: யா பமகாயூ ஸிஸ்த்ரே. மருத்துவருக்குத் தொலைபேசி செய்கிறேன்: யா ஸ்வன்யூ வ்ரச்சூ. இந்த வாக்கியங்களில் நம் 'கு' நிற்கும் இடத்திலெல்லாம் ரஷ்ய விகுதி நிற்கிறது: பெண்பாலுக்கு 'ஏ', ஆண்பாலுக்கு 'ஊ'. ஆங்கிலத்தை நடுவில் கொண்டுவந்தால் இந்தச் சௌகரியம் முழுவதும் போய்விடும். நான் குளிராக இருக்கிறேன் என்ற ஆங்கில அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். எனவே இந்தப் படியில் விளக்கம் முழுக்கத் தமிழிலேயே இருக்கட்டும்.

ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். எனக்கு மாஸ்கோ பிடிக்கும்: ம்ந்யே ந்ராவித்ஸா மஸ்க்வா. 'எனக்கு' சரியாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழில் 'எனக்குத் தங்கையைப் பிடிக்கும்' என்று ஐ வருகிறது. ரஷ்ய மொழியில் பிடித்த பொருளோ ஆளோ எழுவாயாகவே நிற்கும்: ம்ந்யே ந்ராவித்ஸா ஸிஸ்த்ரா. மாணவர் வாயில் 'ஸிஸ்த்ரூ' என்று வந்தால் தமிழ் பேசுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு வாக்கியத்தையும் இங்கேயே சேர்த்துவிடலாம். ஊருக்குப் போவது 'வ்' என்றால், ஆளிடம் போவது 'க்': யா யேதூ க் வ்ரச்சூ, மருத்துவரிடம் போகிறேன். மருத்துவரிடம் 'வ்' போட்டால் அவருக்குள் நுழைவதாகிவிடும். மாணவர்கள் சிரித்துவிட்டு மறக்க மாட்டார்கள்.

ஆறாம் படி: ஆல், ஓடு, ஆக

கருவி வேற்றுமையின் விகுதி பெண்பாலில் 'ஓய்', ஆண்பாலில் 'ஓம்'. நம் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஓடு என்று இரண்டு உருபுகள் உண்டு. ரஷ்ய மொழியில் விகுதி ஒன்றுதான். முன்னால் 'ஸ்' என்ற இடைச்சொல் வருகிறதா இல்லையா என்பதே இரண்டையும் பிரிக்கிறது. யா ரேஜூ நஜோம்: கத்தியால் வெட்டுகிறேன், இடைச்சொல் இல்லை. யா கவர்யூ ஸ் வ்ரச்சோம்: மருத்துவரோடு பேசுகிறேன்; இடைச்சொல் உண்டு. பால் சேர்த்த தேநீர் 'ச்சாய் ஸ் மலக்கோம்', பாலோடு தேநீர். கத்திக்கு முன்னால் 'ஸ்' போட்டால் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எதனாலோ வெட்டுவதுபோல் பொருள் திரியும்.

'ஸ் ஸிஸ்த்ரோய்' என்று சொல்லும்போது இரண்டு ஸகரமும் ஒன்றாகி ஒரு நீண்ட ஸகரமாக ஒலிக்கும். மாணவர் இடைச்சொல்லை விட்டுவிட்டாரா, சொல்லியும் நமக்குக் கேட்கவில்லையா என்ற ஐயம் வந்தால், 'ஸ் வ்ரச்சோம்' என்று சொல்லச் சொல்லிச் சோதியுங்கள்.

மூன்றாவது பயன் தமிழின் 'ஆக'. ஓன் ரபோதயெத் வ்ரச்சோம்: அவர் மருத்துவராக வேலை செய்கிறார். தொழிலைச் சொல்ல இந்த அமைப்பு அன்றாடம் தேவைப்படும். மருத்துவ மாணவருக்குச் சொல்லவே வேண்டாம்.

ஏழாம் படி: ஒரு சொல்லை முழுச் சுற்று ஓட்டுதல்

ஆறும் வந்த பிறகு ஒரே சொல்லை எல்லா அமைப்புகளிலும் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். மருத்துவரை வைத்து இப்படி:

ஏதா வ்ராச்.
உ வ்ரச்சா யேஸ்த் ஸ்தோல்.
யா ஸ்வன்யூ வ்ரச்சூ.
யா வீஜூ வ்ரச்சா.
யா கவர்யூ ஸ் வ்ரச்சோம்.
யா தூமயூ அ வ்ரச்சே.

கடைசி வாக்கியம், மருத்துவரைப் பற்றி நினைக்கிறேன். 'பற்றி' என்றால் தமிழில் ஐ வரும்; ரஷ்ய மொழியில் 'அ' என்ற இடைச்சொல்லும் இரண்டாம் படியில் கற்ற 'ஏ' விகுதியும் வரும். இதை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டதற்குக் காரணம், இட வாக்கியங்களோடு சேர்த்துச் சொன்னால் 'க்தே', 'குதா' பயிற்சி கலங்கிவிடும் என்பதே.

பிறகு மருத்துவரை எடுத்துவிட்டுத் தங்கையைப் போடச் சொல்லுங்கள்: ஸிஸ்த்ரா, ஸிஸ்த்ரி, ஸிஸ்த்ரே, ஸிஸ்த்ரூ, ஸிஸ்த்ரோய், ஸிஸ்த்ரே. கொடை வடிவமும் கடைசி வடிவமும் ஒன்றாக இருப்பதை மாணவர் கேட்டுப் பிடிப்பார். வரிசையாகச் சொல்ல வந்ததும் வரிசையைக் கலைத்துவிடுங்கள். வரிசையில் சொல்லும்போது வருவது பல நேரங்களில் பாட்டு மனப்பாடம்தான். தமிழில் 'தங்கையோடு', 'தங்கையிடமிருந்து' என்று தாறுமாறாகக் கேட்டு, ஒரு நொடிக்குள் பதில் வருகிறதா என்று பாருங்கள். தயக்கம் எந்த இடத்தில் என்று குறித்துக்கொண்டு, அந்தப் படிக்கு மட்டும் திரும்புங்கள்.

இதற்கு மேல்தான் அட்டவணை. அதையும் அச்சிட்டதைக் கொடுக்காதீர்கள். வெற்றுக் கட்டம் போட்டு, நான்கு சொற்களின் வடிவங்களையும் மாணவரையே நினைவிலிருந்து நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பியதும் ஒரே மாதிரி இருக்கும் கட்டங்களை வண்ணத்தால் இணைக்கச் சொல்லுங்கள்: மருத்துவரின் உடைமை வடிவமும் செயப்படுபொருள் வடிவமும், மேசையின் எழுவாயும் செயப்படுபொருளும், பெண்பால் இரண்டின் கொடை வடிவமும் கடைசி வடிவமும். அழுத்தம் முன்னால் விழும் 'க்னீகா' போன்ற சொற்களை அதன் பிறகு கொண்டுவரலாம். காதில் விழாத விகுதியை அப்போது அவர் வாக்கிய அமைப்பிலிருந்தே ஊகித்துக்கொள்வார். மென்குறியில் முடியும் சொற்களும் பெயரடைகளும் பன்மையும் இந்தக் கட்டத்தில் இன்னும் வரவில்லை. அவற்றில் முதலில் வர வேண்டியது பன்மையின் உடைமை வடிவம். ஐந்து மேசை, ஐந்து மருத்துவர் என்று கடையில் எண்ணும்போதே அது தேவைப்பட்டுவிடும்.